உதைக்கிற காலுக்கு எதிரே என்ன இருக்கிறது?

2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் டெவன் ஆலன் ஓட வந்திருந்தார். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதால் அரங்கமே அவர் பக்கம் இருந்தது. துப்பாக்கி ஒலித்து 0.099 வினாடியில் அவர் புறப்பட்டுவிட்டதாகக் கருவி சொன்னது. ஒலி கேட்டு 0.100 வினாடிக்கு முன்னால் கிளம்பினால் அது தவறான புறப்பாடு என்பது விதி. ஆயிரத்தில் ஒரு வினாடிக்காக அவர் ஓடாமலேயே வெளியேற நேர்ந்தது.

அந்த விதி நியாயமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் புறப்பட்டதைக் கருவி எதை வைத்துக் கண்டுபிடித்தது? அவருடைய தோளோ தலையோ அசைந்ததை அது பார்க்கவில்லை. அவர் கால் வைத்திருந்த ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உணர்கருவி பொருத்தியிருந்தார்கள். பாதம் பிளாக்கைப் பின்னுக்குத் தள்ளும் விசை சட்டென்று ஏறும் நொடியை அது குறித்துக்கொள்ளும். அதாவது, ஓட்டம் தொடங்குவது உடல் முன்னே நகரும்போது அல்ல, பிளாக் பின்னே தள்ளப்படும்போது. நியூட்டனின் மூன்றாம் விதியைத்தான் அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் உயிர்இயக்கவியல் என்றொரு பகுதி உண்டு. நியூட்டனின் மூன்று இயக்க விதிகளை விளையாட்டுக்குப் பொருத்திக் காட்டு என்பது அதில் எதிர்பார்க்கக்கூடிய கேள்வி. மாணவர்கள் மூன்று விதிகளையும் பிசகாமல் எழுதுகிறார்கள். "வீரர் பிளாக்கைப் பின்னால் உதைக்கிறார், சமமான எதிர்விசை அவரை முன்னால் தள்ளுகிறது" என்ற வரியும் எல்லா விடைத்தாள்களிலும் இருக்கும். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால்தான் தடுமாற்றம் தெரியும். இரண்டு விசைகளும் சமம், திசைகள் எதிரெதிர் என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாதா? பிறகு வீரர் எப்படி நகர்கிறார்?

அழித்துக்கொள்ளாது. காரணம், அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் மீது செயல்படுகின்றன. வீரரின் உதை பிளாக் மீது விழுகிறது. பிளாக்கின் எதிர்விசை வீரர் மீது விழுகிறது. வீரருடைய கணக்கைப் போடும்போது அவர் மீது விழும் விசைகளை மட்டும்தான் சேர்க்க வேண்டும். அவர் கொடுத்த உதை அந்தக் கணக்கில் வராது. இது பிடிபட்டுவிட்டால் இன்னொன்றும் பிடிபடும். தொடைத் தசை எவ்வளவு பலமாகச் சுருங்கினாலும் அது உடலுக்குள்ளேயே நடக்கும் இழுபறி. உடலை ஒட்டுமொத்தமாக முன்னே நகர்த்த வெளியிலிருந்து ஒன்று தள்ள வேண்டும். அந்த வெளிப்பொருள் ஓட்டத்தில் பிளாக்கும் தரையும், நீச்சலில் தண்ணீர். கால்பந்தில் கணக்கு தலைகீழாகிறது: அங்கே பந்துக்கு வெளிப்பொருள் நம் கால். மூன்றிலும் விதி ஒன்றுதான். உதைபடும் பொருள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் எல்லா வேறுபாடும் இருக்கிறது.

விட்டுக்கொடுக்காத பொருளிலிருந்து தொடங்கலாம். ஸ்டார்ட்டிங் பிளாக் வருவதற்கு முன்பு ஓட்டக்காரர்கள் கையில் சிறு கரண்டியோடு டிராக்குக்கு வந்து, கோட்டுக்குப் பின்னால் தங்கள் பாதத்துக்கு ஏற்றபடி குழி தோண்டிக்கொள்வார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் புறப்பட்டது அப்படித் தோண்டிய குழிகளிலிருந்துதான். ஒலிம்பிக்கில் பிளாக்குக்கு இடம் கிடைத்தது 1948 லண்டன் போட்டியில். குழியின் பின்சுவரும் சரி, பிளாக்கின் சாய்ந்த முகமும் சரி, செய்யும் வேலை ஒன்றுதான். தட்டைத் தரையில் நின்று பின்னோக்கி உதைத்தால் கால் வழுக்கும். சாய்ந்த முகம் இருந்தால் பாதத்தை அதன் மேல் பதித்து, கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே தள்ளலாம்.

ஒரு மாணவியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். எடை 60 கிலோ. கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு பாத நீளம் தள்ளி முன் பிளாக், மூன்று பாத நீளம் தள்ளிப் பின் பிளாக். "செட்" என்றதும் இடுப்பு தோளைவிடச் சற்று உயர்கிறது. முன்கால் முழங்கால் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் மடங்கியிருக்கிறது, பின்கால் அதைவிட விரிந்திருக்கிறது. துப்பாக்கி ஒலித்ததும் இரண்டு கால்களும் சேர்ந்து தள்ளுகின்றன. பின்கால் பலமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு, சுமார் பாதி நேரத்திலேயே பிளாக்கை விட்டு முன்னே வந்துவிடும். முன்கால் கடைசி வரை தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளத் தொடங்கியதிலிருந்து முன்கால் விடுபடும் வரை 0.36 வினாடி என்று வைத்துக்கொள்வோம். விடுபடும்போது அவளுடைய முன்னோக்கிய வேகம் வினாடிக்கு 3 மீட்டர். பள்ளி அளவில் இது நல்ல புறப்பாடு. உலகத் தரத்தில் இது மூன்றரை மீட்டரைத் தொடும்.

நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம்: 60 பெருக்கல் 3, அதாவது 180. பிளாக் அவளுக்குக் கொடுத்த கணத்தாக்கும் அதே 180தான், ஏனென்றால் அவள் தொடங்கியது சுழியிலிருந்து. கணத்தாக்கு என்பது விசையையும் அது நீடித்த நேரத்தையும் பெருக்கி வருவது. ஆகவே 180ஐ 0.36ஆல் வகுத்தால் சராசரி முன்னோக்கிய விசை 500 நியூட்டன். ஏறக்குறைய ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்குவதற்கான விசை இது. இரண்டாம் விதி சொல்வது இவ்வளவுதான்: எவ்வளவு விசை, எவ்வளவு நேரம்.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விட முடியும். கணத்தாக்கு பெருக வேண்டும் என்றால் பிளாக்கில் கூடுதல் நேரம் தள்ளினால் போதுமே என்று தோன்றும். இன்னொரு மாணவி, அவளும் 60 கிலோ, 0.45 வினாடி தள்ளி வினாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறாள் என்போம். வேகம் முதல் மாணவியைவிட அதிகம், கணத்தாக்கும் அதிகம், 192. ஆனால் சராசரி விசை 427 நியூட்டனுக்கு இறங்கிவிட்டது. அவள் பிளாக்கை விடும்போது முதல் மாணவி 0.09 வினாடிக்கு முன்பே வெளியேறி, தரையில் அடுத்த தள்ளுக்குத் தயாராகிவிட்டாள். அதனால்தான் புறப்பாட்டை அளப்பவர்கள் வெளியேறும் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. கொடுத்த இயக்க ஆற்றலை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, திறனைப் பார்க்கிறார்கள். முதல் மாணவிக்கு அது 750 வாட், இரண்டாமவளுக்கு 683 வாட். 0.2 மீட்டர் கூடுதல் வேகத்துக்காக 0.09 வினாடி கொடுத்தது நட்டக் கணக்கு.

இனி திசை. மேலே சொன்ன 500 நியூட்டன் முன்னோக்கிய பங்கு மட்டும். புவியீர்ப்பு அவளைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால், கைகள் தரையை விட்டதும் 588 நியூட்டன் எடை முழுவதையும் பிளாக்தான் தாங்க வேண்டும். அதற்கு மேல் உடல் சிறிதளவு உயரவும் வேண்டும். மேல்நோக்கி வினாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டுமானால் சராசரியாக இன்னும் 100 நியூட்டன் போதும். ஆனால் "செட்" நிலையிலிருந்து சட்டென்று நிமிர்ந்துவிடும் பழக்கம் பல மாணவர்களிடம் இருக்கிறது. அப்போது மேல்நோக்கிய வேகம் 1.2 மீட்டராகிவிட்டால், 100 நியூட்டன் 200 ஆகிறது. கால்களின் பலம் முன்னே போகாமல் மேலே போகிறது.

நட்டம் அதோடு நிற்பதில்லை. உடல் தரையை விட்டபின் அதைத் தள்ள எதுவும் இல்லை. முதல் விதி அப்போது முழுமையாக ஆட்சி செய்கிறது: காற்றின் சிறு தடையைத் தவிர முன்னோக்கிய விசை ஏதுமில்லை என்பதால் வேகம் ஏறாது. 0.6 மீட்டர் வேகத்தில் கிளம்பியவள் உச்சிக்குப் போக 0.06 வினாடி. 1.2 மீட்டரில் கிளம்பினால் 0.12 வினாடி. அவ்வளவு நேரமும் காலுக்குக் கீழே காற்று. காற்றில் கால்களை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் ஒரு பயனும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். செல்போன் ஸ்லோமோஷனில் வினாடிக்கு 240 படம் எடுக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து படம் பிடித்து, முன்கால் பிளாக்கை விட்ட படத்திலிருந்து முதல் அடி தரையைத் தொடும் படம் வரை எண்ணினால் போதும். பதினான்கு, பதினைந்து படம் என்றால் நல்லது. முப்பதை நெருங்கினால் அவள் ஓடவில்லை, குதித்திருக்கிறாள்.

பள்ளி மைதானங்களில் வேறொரு சிக்கல் உண்டு. செம்மண் டிராக்கில் பிளாக்கை ஆணியடித்துப் பதிப்பார்கள். மண் இளகினால் ஆணி பிடிக்காது. அப்போது ஒரு தோழியைக் கூப்பிட்டு, பிளாக்குக்குப் பின்னால் காலை ஊன்றி நிற்கச் சொல்வது வழக்கம். அந்தத் தோழி செய்வது சரியான இயற்பியல். சில கிலோ எடையுள்ள பிளாக் நகர்ந்துவிட்டால், அது பின்னே ஓடிக்கொண்டிருக்கும் வரை காலால் அதன் மேல் 500 நியூட்டன் விசையைக் கட்டியெழுப்ப முடியாது. எதிர்ப்பவன் இருந்தால்தான் தள்ள முடியும். மூன்றாம் விதி இரு விசைகளும் சமம் என்கிறது. பிளாக் தாங்குவது 150 நியூட்டன்தான் என்றால் ஓட்டக்காரிக்குக் கிடைப்பதும் 150தான். தோழி காலை ஊன்றும்போது, பிளாக்கோடு அவளுடைய எடையும் தரையின் உராய்வும் சேர்ந்துகொள்கின்றன.

கால்பந்துக்கு வருவோம். இங்கே எதிரே இருப்பது நகரவே கூடாத பொருள் அல்ல, நகர்ந்தே ஆக வேண்டிய பொருள். விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. 430 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். நன்றாக உதைக்கும் ஒருவர் அதை வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறார். பாதமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் நூறில் ஒரு வினாடி அளவே. பந்து பெற்ற உந்தம் 10.75. அதை 0.01ஆல் வகுத்தால் சராசரி விசை 1,075 நியூட்டன். அந்த மாணவி பிளாக்கில் பெற்றதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆனால் கணத்தாக்கை ஒப்பிட்டால் அங்கே 180, இங்கே பதினொன்றுகூட இல்லை. விசை பெரிது என்பதால் விளைவும் பெரிதாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஓட்டக்காரி அறுபது கிலோவை நகர்த்த வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். பந்துக்கு அரைக்கிலோவும் இல்லை. தொட்டவுடன் ஓடிவிடுகிறது.

மூன்றாம் விதிப்படி பந்தும் பாதத்தை 1,075 நியூட்டன் விசையால் பின்னே தள்ளுகிறது. பந்து பறக்கிறது, கால் ஏன் திரும்பி வருவதில்லை? விசைகள் சமம் என்றாலும் நிறைகள் சமமில்லை. பாதத்துக்குப் பின்னால் கெண்டைக்காலும் தொடையும் இணைந்திருக்கின்றன. உதைபட்ட நொடியில் காலின் வேகம் குறையத்தான் செய்கிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. கணுக்காலின் பங்கு இங்கேதான் வருகிறது. பயிற்சியாளர்கள் "கணுக்காலை இறுக்கு, பாதத்தை நீட்டு" என்று மைதானத்தில் கத்துவதற்குக் காரணம் இதுவே. கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்தின் எதிர்விசை பாதத்தை மட்டும் வளைத்துவிடும். பின்னாலுள்ள காலின் நிறை மோதலில் பங்கெடுக்காது. இளகிய மண்ணில் பிளாக் நழுவுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அப்படி உதைத்தால் பந்து மந்தமாகப் போகும், சத்தமும் மொத்தையாக இருக்கும், பாதத்தின் மேற்புறம் வலிக்கும். விரல்களுக்கு அருகே பட்டாலும் இதே கதைதான். ஷூ லேஸ் கட்டியிருக்கும் எலும்பு மேட்டில் படும்போது வளைவதற்கு இடமில்லை.

பாதம் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் பந்து 25 மீட்டர் வேகத்தில் போவது எப்படி என்று கூர்மையான மாணவர்கள் கேட்பார்கள். பந்து முதலில் நசுங்குகிறது. நசுங்கியது மீளும்போது பாதத்தைத் தள்ளிக்கொண்டே அதைவிட வேகமாக விலகுகிறது. காற்று குறைந்த பந்து தூரம் போகாததற்குக் காரணம், நசுங்கியது முழுமையாக மீளாமல் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுவது.

உதைத்த பிறகு காலைத் தொடர்ந்து வீசுவதைப் பற்றிப் பல குறிப்புப் புத்தகங்களில் "தொடர் வீச்சால் விசை செயல்படும் நேரம் கூடுகிறது" என்று எழுதியிருக்கிறது. இதை நான் ஏற்க மாட்டேன். ஒட்டியிருக்கும் நூறில் ஒரு வினாடிக்குள் பாதம் நகர்வது ஏறக்குறைய ஒரு சாண் தூரம். அதன்பின் பந்து பாதத்தைவிட வேகமாக ஓடிவிடுகிறது. பிறகு காலை எங்கே வீசினாலும் பந்துக்கு அது தெரியாது. தொடர் வீச்சுக்கு வேறு இரண்டு பயன்கள் உண்டு. பந்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும் என்று எண்ணுபவர், தொடுவதற்கு முன்பே காலை மெதுவாக்கத் தொடங்கிவிடுவார். தொடர்ந்து வீசுபவர் அப்படிச் செய்வதில்லை. இரண்டாவது பயன் பாதுகாப்பு. வேகமாக வரும் காலை நிறுத்தத் தேவையான கணத்தாக்கு மாறாது. அதை நீண்ட நேரத்துக்குப் பரப்பினால் தொடையின் பின்தசை மீது விழும் விசை குறையும். நேரத்தை நீட்டி விசையைக் குறைக்கும் இதே உத்தியில்தான் கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் கையைப் பின்னே இழுக்கிறார்.

இன்னொரு காலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உதைக்கும் காலை முன்னே வீச உடலுக்கு ஊன்றுகோலாக இருப்பது தரையில் பதிந்த மற்றொரு கால். அது வழுக்கினால் வீச்சு பிசகும். சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. நம்மவர்களில் பலர் வெறுங்காலில் ஆடினார்கள், அப்படியும் ஆட்டம் நெருக்கமாகத்தான் இருந்தது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபின் பூட்ஸ் அணிவது நமது அணிக்குக் கட்டாயமாயிற்று. அந்தத் தோல்விக்குப் பூட்ஸ் இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம், எதிரணி அப்படிப்பட்ட அணி. ஆனால் பூட்ஸின் அடிக்குமிழ்கள் ஊன்றிய காலுக்கு எதைத் தருகின்றன என்று கேட்டால் விடை ஒன்றுதான்: தரை திருப்பித் தள்ளுவதற்கான பிடி.

மூன்றிலும் கடினமானது நீச்சல். தண்ணீர் பிளாக்கைப் போல நிற்பதும் இல்லை, பந்தைப் போல ஒரே உதையில் போய்விடுவதும் இல்லை. கை பின்னே தள்ளத் தள்ள வழிவிட்டுக்கொண்டே இருக்கிறது. படகில் நின்றுகொண்டு கரைக்குத் தாவினால் படகு பின்னே போகும், தாவியவர் நினைத்த தூரம் போக மாட்டார். நீந்துபவர் ஒவ்வொரு கைவீச்சிலும் அப்படி ஒரு படகிலிருந்துதான் தாவுகிறார்.

தண்ணீர் விட்டுக்கொடுப்பதால் ஆகும் செலவைக் கணக்கிட முடியும். நீந்துபவருக்கு முன்னோக்கி 20 அலகு உந்தம் வேண்டும் என்போம். அதே 20 அலகு உந்தத்தைத் தண்ணீருக்குப் பின்னோக்கிக் கொடுத்தாக வேண்டும். 10 கிலோ தண்ணீரை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் 20, 5 கிலோவை 4 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் 20. முன்னோக்கிக் கிடைப்பது இரண்டிலும் ஒன்றே. ஆனால் தண்ணீருக்குள் போய் வீணாகும் ஆற்றலைப் பாருங்கள். இயக்க ஆற்றலில் வேகம் இருமடிக்கு வருவதால், முதல் வழியில் 20 ஜூல், இரண்டாவதில் 40 ஜூல். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுபவர் பாதி செலவில் அதே தூரம் போகிறார். உள்ளங்கையோடு முன்கையையும் சேர்த்து ஒரே துடுப்பாக்கி, முழங்கையை உயரத்தில் வைத்துத் தண்ணீரைப் பிடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். கையோடு காற்றுக் குமிழிகள் போனால் அந்த அளவுக்குத் தள்ளப்படும் தண்ணீரின் நிறை குறைகிறது.

1960களின் இறுதியில் புகழ்பெற்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன், கை தண்ணீருக்குள் நேராகப் பின்னே போகாமல் பக்கவாட்டில் வளைந்து போவதைக் கவனித்து, விமான இறக்கையைப் போலக் கை தூக்குவிசையை உண்டாக்குகிறது என்று பெர்னூலி தத்துவத்தால் விளக்கினார். மார்க் ஸ்பிட்ஸைப் பயிற்றுவித்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இன்றும் சில குறிப்புகளில் அந்த விளக்கம் அப்படியே இருக்கிறது. பின்னால் வந்த அளவீடுகள், பெரும்பங்கு முன்னோக்கிய விசை கை தண்ணீரை நேராகப் பின்தள்ளுவதிலிருந்தே வருகிறது என்று காட்டின. எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று மாறாது: நீந்துபவர் முன்னே போக வேண்டுமானால் எங்கோ ஓரளவு தண்ணீர் பின்னே போயாக வேண்டும்.

தொடக்க நிலையில் இருப்பவர்கள் கையைத் தண்ணீரில் போட்டதும் முழங்கையை மடக்காமல் நேராகக் கீழே அமுக்குவார்கள். தண்ணீர் கீழே போகிறது, எதிர்விசை மார்பை மேலே தூக்குகிறது. மார்பு உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும். நிமிர்ந்து புறப்பட்ட ஓட்டக்காரி செய்த அதே தவறு. ஆனால் இங்கே தண்டனை அதிகம், ஏனென்றால் தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு. சாய்ந்த உடல் தண்ணீரை நெஞ்சாலும் தொடையாலும் முட்டிக்கொண்டு போகிறது.

தடைவிசையைப் பற்றிய இடத்தில் தேர்வில் அதிகம் பிழையாகிறது. "சீரான வேகத்தில் நீந்துபவரின் உந்துவிசை தடைவிசையைவிட அதிகமாக இருக்கும்" என்று எழுதுகிறார்கள். அதிகமாக இருந்தால் அவர் முடுக்கம் பெற்றுக்கொண்டே இருப்பார். முதல் விதிப்படி வேகம் சீராக இருந்தால் இரண்டும் சராசரியில் சமம். வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நீந்தும் ஒருவருக்குத் தடை 60 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அவருடைய கைகால்கள் பெற்றுத் தரும் உந்துவிசையும் 60 நியூட்டன். அவர் பத்து சதவீதம் வேகம் கூட்ட விரும்பினால் என்ன ஆகும்? தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் 73 நியூட்டனை நெருங்கும். அதை இன்னும் வேகமாகக் கடக்க வேண்டியிருப்பதால் தேவைப்படும் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவீத உழைப்பு. இதனால்தான் நீச்சலில் விசையைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பது மலிவு. 2009 ரோம் உலகப் போட்டியில் பாலியூரித்தேன் நீச்சல் உடைகள் அணிந்து 43 உலகச் சாதனைகள் படைக்கப்பட்டன. யாருடைய தசையும் ஒரே ஆண்டில் அவ்வளவு வளர்ந்துவிடவில்லை, குறைந்தது தடைதான். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அந்த உடைகள் தடை செய்யப்பட்டன.

நீந்துபவருக்கும் பிளாக்கைப் போல ஒன்று கிடைக்கும் இடம் குளத்தின் சுவர். அது விட்டுக்கொடுக்காது. அதனால் சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம் நீந்தும் வேகத்தைவிட எப்போதும் அதிகம். 25 மீட்டர் குளத்தில் எடுக்கும் நேரங்கள் 50 மீட்டர் குளத்தைவிடக் குறைவாக இருப்பதற்கு, சுவர்கள் இரு மடங்கு கிடைப்பதே காரணம். சுவர் தந்த வேகத்தைத் தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருந்தால் அலை எழுப்புவதில் ஆற்றல் போகாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், குளத்தின் பாதி நீளத்துக்கும் மேல் நீருக்கடியில் கால்களை டால்ஃபினைப் போல அடித்தே போனார். இறுதிச் சுற்றில் அவரை வென்ற ஜப்பானின் டைச்சி சுசூகியும் அதே வழியில் நீண்ட தூரம் போனவர்தான். அதன்பின் முதலில் 10 மீட்டர், பிறகு 15 மீட்டர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள்.

வகுப்பில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு மாணவனை 25 மீட்டர் ஃபிரீஸ்டைல் நீந்தச் சொல்லி, நேரத்தையும் கைவீச்சுகளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 20 வினாடி, 30 வீச்சு என்று வருகிறது என்போம். சில வாரம் முழங்கையை உயர்த்திப் பிடிக்கப் பழக்கிய பிறகு அதே 20 வினாடியில் 24 வீச்சு என்றால், வீச்சுக்கு வீச்சு அவன் அதிகத் தண்ணீரைப் பிடிக்கிறான் என்று பொருள். வேகம் மாறவில்லை, செலவு குறைந்திருக்கிறது. வீச்சு குறைந்து நேரமும் கூடியிருந்தால், ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் கையை நீட்டியபடி அதிக நேரம் மிதந்து வேகத்தை இழக்கிறான். இழந்ததை மீண்டும் சேர்ப்பது சீராகப் போவதைவிடச் செலவு, ஏனென்றால் தடை வேகத்தின் இருமடிக்கு ஏறுவதால் வேகமான பகுதியில் கொடுக்கும் கூடுதலை மெதுவான பகுதியில் திரும்பப் பெற முடியாது. அந்த மாணவனுக்கு 20ஆகக் குறைப்பதைவிட 24 வீச்சே சரியான எண்ணாக இருக்கலாம். நேரத்தையும் வீச்சையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் அது தெரியும்.